கமிஷன் யாருக்குப் போகிறது?

போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காயும் மிளகும் அனுப்பும் ஓர் இணையக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரியாணி வீடியோ போடுகிற ஒருவர், வீடியோவுக்குக் கீழே கடையின் இணைப்பைக் கொடுக்கிறார். அதைத் தட்டி வந்தவர் எதையாவது வாங்கினால் வீடியோக்காரருக்கு 10 சதவீதம் கமிஷன். அஃபிலியேட் திட்டம் என்பது இதுதான். அமேசான் 1996-லேயே தொடங்கிய பழைய ஏற்பாடு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வரியும் கூரியர் கட்டணமும் நீங்கலாக 1,000 ரூபாய்க்கு ஓர் ஆர்டர். சரக்குக்கும் பாக்கெட்டுக்கும் 700, பணம் வசூலிக்கும் செயலிக்கு 20, சேதம், விளம்பரம் வகையில் 30 போனால் கடைக்காரர் கையில் நிற்பது 250. கமிஷன் 100 கொடுத்தால் மிச்சம் 150. வந்தவர் புதியவர் என்றால் நஷ்டமில்லை, அடுத்த முறை அவர் நேராகவே வருவார். மாதாமாதம் வாங்குபவரே அந்த இணைப்பு வழியாக வந்திருந்தால்? எப்படியும் கிடைத்திருக்கும் லாபத்திலிருந்து 100 ரூபாயை எடுத்துக் கொடுத்ததாகிறது. அதனால்தான் விவரமான கடைகள் புதியவருக்கு 12 சதவீதம், பழையவருக்கு 3 என்று பிரித்துவைக்கின்றன.

யார் அனுப்பினார் என்பது கடைக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வோர் அஃபிலியேட்டின் இணைப்பிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். அதைத் தட்டியதும் கடையின் சர்வர், வாங்குபவரின் பிரவுசரில் ‘குக்கி’ என்ற சிறு குறிப்பை எழுதிவைக்கிறது:

```
Set-Cookie: aff=217; Max-Age=2592000; Path=/; Secure; HttpOnly; SameSite=Lax
```

217 என்பது வீடியோக்காரர். 2592000 விநாடி என்பது 30 நாள். இன்று பார்த்துவிட்டு இருபதாம் நாள் வாங்கினாலும் கமிஷன் அவருக்கே. இடையில் வேறொருவரின் இணைப்பைத் தட்டினால் பழைய எண் அழிந்து புதிய எண் ஏறும். வழக்கமான விதி இது: கடைசியாகத் தொட்டவருக்கே பணம். குக்கி சொல்வது அவ்வளவுதான். வாங்கவைத்தது யார் என்று அதற்குத் தெரியாது. மோசடிகள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவில் ஈபே நிறுவனத்தின் முன்னணி அஃபிலியேட்டாக இருந்தவர் ஷான் ஹோகன். தன் நிரல் ஏறிய பக்கங்களைப் பார்த்தவர்களின் பிரவுசரில், அவர்கள் எதையும் தட்டாமலேயே ஈபே குக்கி விழும்படி செய்தார். அவர்களில் யாராவது பின்னால் தாமாகவே ஈபேயில் வாங்கினால் கமிஷன் இவருக்கு. ஈபே அலுவலகம் இருந்த சான் ஹோசேயிலிருந்து பார்த்தால் இந்த வேலை நடக்காதபடி அமைத்திருந்தார் என்று ஈபே தன் வழக்கில் குற்றம்சாட்டியது. 2014-இல் அவருக்கு ஐந்து மாதச் சிறை.

மேலே உள்ள வரியின் கடைசியில் இருக்கும் SameSite=Lax இந்தத் தந்திரத்தின் ஒரு வடிவத்தை அடைத்துவிடுகிறது. வேறொரு தளத்தில் ஒளித்துவைத்த படம் வழியாகக் குக்கி வந்தால் பிரவுசர் ஏற்பதில்லை. ஆனால் பக்கத்தையே புதிய ஜன்னலில் திறந்துவிட்டால் அதற்கு ஆட்சேபணை இல்லை. எனவே மோசடிக்காரர்கள் பின்னால் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். இதைப் பிடிக்க சர்வர் பதிவைத்தான் பார்க்க வேண்டும்: ஆயிரக்கணக்கில் வரவு, யாரும் இரண்டாவது பக்கம் போகவில்லை, விற்பனை விகிதமோ மற்றவர்களுக்கு இருப்பதில் ஒரு துளி.

கூப்பன் தளங்களின் வேலை இதற்கு நேர்மாறு. வாங்குபவர் கூடையை நிரப்பிவிட்டு, பணம் கட்டும் முன் ‘கூப்பன் உண்டா’ என்று தேடுவார். அங்கே தட்டியதும் 217 அழிந்து கூப்பன்காரரின் எண் ஏறிவிடும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. எனக்கென்னவோ இதுதான் எல்லாவற்றிலும் எரிச்சலானது. தட்டியதற்கும் ஆர்டருக்கும் இடைப்பட்ட நேரம் இதைக் காட்டிக்கொடுக்கும். வீடியோ பார்த்து வருபவர்கள் சில நிமிடம் முதல் சில நாள் வரை எடுப்பார்கள். கூப்பன் வழி ஆர்டர்கள் ஒரு நிமிடத்துக்குள் குவிந்து கிடக்கும். கூடையில் பொருள் விழுந்த பிறகு வரும் இணைப்புக்குக் கமிஷன் கிடையாது என்று ஒரு விதி எழுதினால் பெரும்பகுதி அடைபடும்.

நம் ஊரில் இன்னொன்று உண்டு. அஃபிலியேட்டே நண்பர்கள் பெயரில் ‘கேஷ் ஆன் டெலிவரி’ ஆர்டர் போடுவார். பார்சல் போய்ச் சேர்ந்ததும் வாங்க மறுப்பார்கள். கமிஷன் அதற்குள் கைமாறியிருந்தால், போக வர கூரியர் செலவும் சேர்த்து கடைக்காரர் தலையில். அதனால் கமிஷனை முதலில் ‘நிலுவை’யில் வைத்து, பணம் வசூலாகி, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்த பிறகே விடுவிக்கிறார்கள். ஒரே முகவரிக்குப் பல பெயரில் ஆர்டர் வருகிறதா, மறுக்கப்பட்ட பார்சல்கள் ஒரே அஃபிலியேட் எண்ணின் கீழ் குவிகின்றனவா என்று பார்ப்பதும் இந்தக் கெடுவுக்குள் முடிந்துவிடும்.

இத்தனை சோதனையிலும் தேறிவிட்ட ஓர் அஃபிலியேட் மேல் சந்தேகம் தீராவிட்டால், அவர் இணைப்பை இரண்டு வாரம் நிறுத்திவைக்கலாம். அவர் பெயரில் வழக்கமாக இரண்டு வாரத்தில் பதிவாகும் 200 ஆர்டரும் நிஜமாக அவர் கொண்டுவந்தவை என்றால் மொத்த விற்பனையில் ஏறக்குறைய அவ்வளவு குறைய வேண்டும். பண்டிகை வாரமாக மட்டும் இருக்கக் கூடாது. தீபாவளிக்கு முன் எதை நிறுத்தினாலும் விற்பனை ஏறத்தான் செய்யும்.