கையெழுத்துக்கு முன்னால் அச்சாக வேண்டிய நிபந்தனைகள்

மருத்துவமனையில் நடக்கும் ஆய்வில் சேரச் சொல்லி நோயாளியிடம் நான்கைந்து பக்கத் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தருகிறார்கள். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே ஒரு நெறிமுறைக் குழு அந்தத் தாள்களைப் படித்து அனுமதி தந்திருக்க வேண்டும். மருந்துச் சோதனைகளுக்கு 2019-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. குழுவில் மருத்துவர்களோடு சட்டம் தெரிந்தவரும், மருத்துவத் துறை சாராத பொதுமனிதர் ஒருவரும் இருப்பார்கள்.

குழு பெரும்பாலும் எடுத்த எடுப்பில் சரி என்று சொல்லிவிடாது. 'இன்னின்னதைத் திருத்தினால் அனுமதி' என்று கடிதம் தரும். தமிழாக்கத்தின் சிக்கல் இந்தக் கடிதத்தில்தான் தொடங்குகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு வைட்டமின் மாத்திரையும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் ஆய்வு. குழு மூன்று நிபந்தனைகள் விதிக்கிறது. எடுக்கும் ரத்தம் 15 மில்லியிலிருந்து 10 மில்லியாகக் குறைய வேண்டும். மீந்த ரத்தத்தை வைத்திருக்கத் தனிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாதியில் விலகினாலும், வந்துபோன நாட்களுக்குப் பயணச் செலவு தர வேண்டும்.

ஆய்வாளர் ஆங்கிலத் தாளைத் திருத்துகிறார், பதிப்பு 1.0 என்பது 1.1 ஆகிறது. ஆனால் நேரத்தை மிச்சப்படுத்த, 1.0-ஐ முன்பே தமிழாக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். தமிழ்த் தாள் அழகாக அச்சாகி வருகிறது, 15 மில்லியோடு. அதை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பழைய ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும்; தவறு தெரியவே தெரியாது. பக்கத்தின் அடியில் உள்ள பதிப்பு எண்ணையும் தேதியையும் அனுமதிக் கடிதத்தோடு வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் திருத்தம், பிறகு தமிழ், அதன்பின் மறுமொழிபெயர்ப்பு, கடைசியில் தமிழ்த் தாளையே குழுவிடம் கொடுத்து அனுமதி வாங்குவது. மறுமொழிபெயர்ப்பவர் மூல ஆங்கிலத்தைப் பார்த்திருக்கவே கூடாது. பார்த்தவர், தமிழில் விட்டுப்போனதைத் தன்னையறியாமல் நிரப்பிவிடுவார்.

சரியான பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தாலும் நிபந்தனை நழுவ இடமுண்டு. 'நீங்கள் தனியாகக் கையெழுத்திட்டால் மட்டுமே மீந்த ரத்தம் சேமிக்கப்படும்' என்பது, படிக்கச் சுருக்கமாக இருக்கட்டும் என்று 'மீந்த ரத்தம் பாதுகாப்பாகச் சேமிக்கப்படும்' என்று ஆகிவிடும். வாக்கியம் சரளமாக இருக்கிறது. நோயாளியின் உரிமை போய்விட்டது. மருந்தில்லாத மாத்திரையை 'போலி மாத்திரை' என்று எழுதுவோரும் உண்டு. போலி மருந்து பிடிபட்டதென்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்?

கூட்டிச் சொல்வதும் மீறல்தான். ஆய்வால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு என்கிறது விதி. ஆனால் அது தேவைப்படும் காலம்வரை, அல்லது பாதிப்புக்கு ஆய்வு காரணமல்ல என்று உறுதியாகும்வரை. இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான். நல்லெண்ணத்தில் 'முழுமையான இலவச சிகிச்சை' என்று எழுதினால், குழு பார்க்காத வாக்குறுதி ஒன்று ஆளைச் சேர்க்கும் தூண்டிலாகிவிடும்.

என் கருத்தில், மொழிபெயர்ப்பாளரிடம் தகவல் தாளை மட்டும் கொடுப்பதே அரைகுறை வேலை. அனுமதிக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே அது தமிழ்த் தாளில் எந்தப் பக்கம், எந்தப் பத்தியில் இருக்கிறது என்று அவர் குறித்துத் தர வேண்டும். எதிரே காலியாக இருந்தால் தாள் அச்சுக்குப் போகக் கூடாது. குழுவிடம் கொடுத்த விண்ணப்பம் நம் ஊரில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்துவிடும். அதில் 10 மில்லி, தமிழில் 15 மில்லி என்றால், நோயாளி கையெழுத்திட்டது குழு அனுமதிக்காத ஆய்வுக்கு.

அச்சுக்கு முன் இன்னொன்றும் செய்யலாம். ஆய்வோடு தொடர்பில்லாத, பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, 'பாதியில் நின்னுட்டா பஸ் காசு கிடைக்குமா?' என்று கேட்கலாம். 'கிடைக்காதுன்னு நினைக்கிறேன்' என்று அவர் சொன்னால், இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் பத்தியை மறுபடி எழுதத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாரிடமாவது இப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால், பக்கத்தின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். கையெழுத்திட்டபின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.