ஒரு வல்லொற்று கூட்டிவரும் ஆள்

கண்ணாடி டம்ளர் தரையில் விழுந்து சிதறிக் கிடக்கிறது. "டம்ளர் உடைஞ்சிருச்சும்மா" என்கிறான் தம்பி. "இல்லம்மா, இவன்தான் உடைச்சான்" என்கிறாள் அக்கா. இருவரும் சொன்னது 'உடை' என்ற ஒரே வினையைத்தான். தம்பியின் வாக்கியத்தில் டம்ளர் மட்டும் இருக்கிறது. அக்காவின் வாக்கியத்தில் டம்ளரோடு ஓர் ஆளும் சேர்ந்துவிட்டான்.

எழுத்துத் தமிழில் இது இன்னும் தெளிவு: உடைந்தது, உடைத்தான். 'ந்த்' இருந்த இடத்தில் 'த்த்' வந்ததும் வினைக்கு இன்னொரு பெயர் தேவைப்படுகிறது. கிழிந்தது - கிழித்தான், நனைந்தது - நனைத்தான், சேர்ந்தது - சேர்த்தான் எல்லாம் இந்த வகைதான். எதை என்ற கேள்விக்கு இடம் தராத முதல் வகையைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்றும், இடம் தரும் இரண்டாவதைக் குன்றா வினை என்றும் இலக்கணம் சொல்கிறது. ஓடு - ஓட்டு, திரும்பு - திருப்பு போன்ற இணைகளிலும் இதுவே நடக்கிறது. அங்கே வினையடிக்குள்ளேயே வல்லினம் இரட்டிக்கிறது, அல்லது மெல்லினம் வல்லினமாகிறது.

இதே வேலை ஒரு படி மேலேயும் நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. குழந்தை சோற்றை உண்டது. இங்கே இரண்டு பெயர்கள். அம்மா குழந்தைக்குச் சோற்றை ஊட்டினாள், இப்போது மூன்று. காண் - காட்டு இணையும் அப்படியே. 'ஊட்டு', 'காட்டு', 'கொடு' போன்றவை செய்பவர், பொருள், பெறுபவர் என மூன்றையும் எதிர்பார்ப்பவை. ஆங்கில இலக்கணம் இவற்றுக்கு இரண்டு செயப்படுபொருள்கள் உண்டு என்கிறது. நம் மரபோ சோற்றுக்கு 'ஐ' கொடுத்து அதைச் செயப்படுபொருளாகவும், குழந்தைக்குக் 'கு' கொடுத்து நான்காம் வேற்றுமையாகவும் பிரித்து வைக்கிறது. உருபே வேறாக இருப்பதால் இந்தப் பிரிவு தமிழுக்குப் பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

'ந்த்', 'த்த்' ஒலியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். சிரித்தான், குதித்தான் என்பவற்றில் 'த்த்' இருக்கிறது, செயப்படுபொருள் இல்லை. மறந்தான், அறிந்தான் என்பவற்றில் 'ந்த்' இருக்கிறது, செயப்படுபொருள் உண்டு. இணையாக வரும் வினைகளில்தான் அந்த ஒலி சாட்சி சொல்லும். 'ஐ' உருபைத் தேடுவதும் எப்போதும் உதவாது. "தோசை சாப்பிட்டான்" என்பதில் உருபு மறைந்திருக்கிறது; எதைச் சாப்பிட்டான் என்று கேட்டால்தான் தோசை செயப்படுபொருள் என்பது தெரியும்.

வடிவம் கொஞ்சமும் மாறாமல், கூட வரும் பெயர்களால் மட்டுமே பொருள் மாறும் வினைகள் இன்னும் சுவையானவை. 'கேள்' என்பதையே எடுத்துக்கொள்வோம். "மாடியில் சத்தம் கேட்டது" என்றால் சத்தமே எழுவாய். செயப்படுபொருள் இல்லை, அது காதில் தானாக விழுகிறது. "அவன் பாட்டைக் கேட்டான்" என்றால் காது கொடுத்துக் கேட்கும் ஆள் வந்துவிட்டான், பாட்டு செயப்படுபொருளாகிவிட்டது. "அவன் அப்பாவிடம் பணம் கேட்டான்" என்றால் மூன்று பெயர்கள். செவிக்குரிய வினை இப்போது வாய்க்குரியதாகிவிட்டது. இந்த மூன்றாவதில் 'அப்பாவிடம்' என்பதை விட்டுவிட்டுச் சொன்னாலும், யாரிடம் என்ற கேள்வி நிற்கும். பாட்டுக் கேட்டவனைப் பற்றி அந்தக் கேள்வி எழாது. ஒரு வினைக்கு எத்தனை பெயர் வேண்டும் என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: வாக்கியத்தில் இருப்பதை எண்ணினால் போதாது, சொல்லாமல் விட்டதையும் மனம் தேடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

'அடி'யும் இப்படித்தான். பந்தை அடித்தான் என்றால் செயப்படுபொருள் உண்டு. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்றால் எதை என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு வகையிலும் ஒழுங்காக அடங்காதது 'பிடி'. "போலீஸ்காரர் திருடனைப் பிடித்தார்" என்பது சாதாரணக் குன்றா வினை. "எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்பதிலும் 'உன்னை' என்று செயப்படுபொருள் இருக்கிறது. ஆனால் எழுவாய் இல்லை. 'எனக்கு' என்பதை 'அவர்களுக்கு' என்றும், 'உன்னை' என்பதை 'உங்களை' என்றும் மாற்றிப் பாருங்கள். வினை அசையாமல் 'பிடிக்கும்' என்றே நிற்கும். விரும்புபவர் இங்கே செய்பவர் அல்ல, விருப்பம் வந்து சேரும் இடம் மட்டுமே. அதனால்தான் அவருக்குக் 'கு'. தமிழைப் புதிதாகக் கற்பவர்கள் இந்தக் 'கு'வை விட்டுவிட்டு, "நான் உன்னைப் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிடுவது உண்டு. கேட்பவர் காதில் அது ஓடிப்போய் ஆளைப் பிடிப்பதாகத்தான் விழும்.