சுண்டுவிரல் விறைத்தால் முழங்கையைக் கவனியுங்கள்

இரவுக் காவலுக்கு இருக்கும் வாட்சர் ஒருவர், மேசையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கைவைத்தபடி மணிக்கணக்காக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வாரத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் விறைக்கத் தொடங்கும். "குளிர்தான் காரணம்" என்று வீட்டில் விரலுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள்.

ஆனால் கோளாறு விரலில் இல்லை. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுது. அங்கே இடிபட்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அதே நரம்புதான். ஊன்றினால் அது நசுங்கும். கையை மடக்கினால் இழுபடும்.

கையை நன்றாக மடக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு விரலும் விறைத்தால் பெரும்பாலும் இதுதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால், அது மணிக்கட்டில் வேறொரு நரம்பு நசுங்குவதாக இருக்கலாம்.

முழங்கையை ஊன்றுவதை அடியோடு விடுங்கள். இரவில் கை மடங்காமல் இருக்க, முழங்கையைச் சுற்றி ஒரு துவாயைத் தளர்வாகக் கட்டிப் படுங்கள். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. இலேசான விறைப்பு என்றால் 6 முதல் 12 வாரத்தில் குறையலாம்.

விறைப்பு விடாமலே இருந்தால், பிடி தளர்ந்தால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை குழிந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் அதையும் டொக்டருக்குக் காட்டுங்கள். தொழுநோயும் இதே நரம்பைத்தான் பிடிக்கும். அதை மருந்தால் குணமாக்கலாம். ஒளிக்க வேண்டியதில்லை.