பழைய பாலிசி போனால் பலன்களும் போகுமா?

பல ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டிவரும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டதாகவும், அதற்குப் பதில் புதிய திட்டத்துக்கு மாறலாம் என்றும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒருநாள் கடிதம் வரும். உடனே வருகிற பயம், ‘இனி எல்லாம் முதலிலிருந்தா?’ என்பதுதான்.

அந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் திட்டத்தை விற்பனையிலிருந்து எடுக்கலாம். ஆனால் இடைவெளி இல்லாமல் பாலிசி வைத்திருப்பவரை நடுத்தெருவில் விட முடியாது; தன்னிடமுள்ள வேறு திட்டத்துக்கு மாற வழி கொடுத்தாக வேண்டும். திட்டம் திரும்பப் பெறப்பட்ட 90 நாட்களுக்குள் புதுப்பிக்கும் தேதி வந்தால், ஒருமுறை பழைய திட்டத்திலேயே புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை. மூத்த குடிமக்களுக்கான தனிநபர் திட்டத்தை நிறுத்துவதற்கு முன் நிறுவனம் ஆணையத்துடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது.

இப்படி மாறும்போது கூடவே வருவது, பாலிசிதாரர் காத்திருந்து கழித்த காலம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டும், கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பொதுவாக 2 ஆண்டும் காத்திருக்க வேண்டியிருக்கும். அதை முடித்தவர் மறுபடி காத்திருக்க வேண்டியதில்லை. உண்மையை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுப்பதற்கும் எல்லை உண்டு: 60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி வைத்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய அந்தக் காரணத்தைக் காட்ட முடியாது. அந்தக் கணக்கும் அறுபடாது.

ஆனால் இந்தச் சலுகை, பழைய காப்பீட்டுத் தொகையும் சேர்ந்த போனஸும் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான். 5 லட்ச ரூபாய் பாலிசியில் 2.5 லட்சம் போனஸ் சேர்ந்திருந்து, புதிதாக 10 லட்சத்துக்கு மாறினால், மேலே உள்ள 2.5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

கூடவே வராதது எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறை வாடகை வரம்பு, கோ-பே எனப்படும் பாலிசிதாரரின் பங்கு, குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கான உச்சவரம்பு எல்லாம் அந்தந்தத் திட்டத்தின் நிபந்தனைகள். பழைய திட்டத்தில் இருந்ததே புதியதிலும் இருக்கும் என்று எந்த விதியும் உறுதி சொல்வதில்லை.

ஓர் உதாரணக் கணக்கு. 62 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர். 5 லட்ச ரூபாய் பாலிசி. பழைய திட்டத்தில் அறை வாடகைக்கு வரம்பில்லை, கோ-பே இல்லை. புதிய திட்டத்தில் வாடகை வரம்பு தினம் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய்; கோ-பே 20 சதவீதம். அவர் தினம் 8,000 ரூபாய் அறையில் 4 நாள் தங்கி அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். வாடகை 32,000, மருத்துவர், அறுவை அரங்கக் கட்டணங்கள் 1,68,000, மருந்து, பரிசோதனைகள் 1,00,000. மொத்தம் 3 லட்சம்.

வாடகையில் மிஞ்சிய 12,000 மட்டும்தானே கைவிட்டுப் போகும் என்று தோன்றும். அப்படியில்லை. வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால், மருத்துவர், அரங்கக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. 8-க்கு 5 என்ற விகிதத்தில் வாடகை 20,000 ஆகிறது, கட்டணங்கள் 1,05,000 ஆகின்றன. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது. ஆக 2,25,000. அதில் கோ-பே கழிந்து கைக்கு வருவது 1,80,000. பழைய திட்டத்தில் மொத்தமும் கிடைத்திருக்கக்கூடியவர், இப்போது 1,20,000 ரூபாயைத் தன் கையிலிருந்து போடுகிறார். அவருடைய காத்திருப்புக் காலச் சலுகை ஒரு நாள்கூடக் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதனால் கடிதத்தோடு வரும் பளபளப்பான கையேடு போதாது. புதிய திட்டத்தின் முழு நிபந்தனைப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதைப் பணம் கட்டும் முன்பே செய்தாக வேண்டும். புது பாலிசி எடுப்பவருக்குப் பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. திட்டம் மாறி வருபவருக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. நிபந்தனைகள் பிடிக்கவில்லையென்றால் அதே நிறுவனத்தின் வேறு திட்டத்தைக் கேட்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போவதானால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பு. அந்த நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து மறுக்கவும் கூடும் என்பதால், பதில் வரும்வரை பழைய பாலிசியை விட்டுவிடக் கூடாது.

புதிய பாலிசி கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, முதன்முதலில் காப்பீடு தொடங்கிய தேதி. பாலிசி எண் மாறியிருக்கலாம்; அந்தத் தேதி மாறக் கூடாது. 2016-இல் தொடங்கியவருக்கு இந்த ஆண்டின் தேதி அச்சாகியிருந்தால், பின்னால் கண்புரை க்ளெய்ம் வரும்போது ‘காத்திருப்புக் காலம் முடியவில்லை’ என்று கடிதம் வரும். போனஸ் தொகையும், குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உரிய தொடக்கத் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னால் போதாது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, திருத்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும். பழைய பாலிசி நகல்களை ஆண்டு வாரியாக எடுத்து வைத்திருப்பவருக்கே இது எளிது.

நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.