ஆயிரம் எண்களின் ஆயிரமாவது மூலம்

1 முதல் 10 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் 36,28,800 வரும். இதற்குப் பெயர் காரணியப் பெருக்கம், 10! என்று எழுதுவார்கள். அந்தப் பத்து எண்களுக்கும் பதிலாக ஒரே எண்ணைப் பத்து முறை பெருக்கி இதே விடைக்கு வர வேண்டுமானால், அது எந்த எண்? அதுதான் 10!-இன் பத்தாம் மூலம், சுமார் 4.53. நூறு எண்களுக்கு 37.99. ஆயிரத்துக்கு 369.5.

எத்தனை எண்களோ அத்தனையால் இவற்றை வகுத்துப் பாருங்கள்: 0.453, 0.380, 0.3695. குறைந்துகொண்டே வந்தாலும் எங்கோ நிலைகொள்ளப் பார்ப்பது தெரிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மூலம் எடுத்துக்கொண்டே போவது வீண் வேலை, 100! மட்டுமே 158 இலக்க எண்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி 1821-இல் வெளியிட்ட பாடநூலில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நேர்ம எண்களின் வரிசை ஒன்றில், ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தையதால் வகுத்துவரும் விகிதம் ஓர் எல்லையை நெருங்கினால், n-ஆம் எண்ணின் n-ஆம் மூலமும் அதே எல்லையை நெருங்கும்.

காரணம் எளிது. வரிசையின் எந்த எண்ணும், முதல் எண்ணை விகிதங்களால் ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பெற்றதுதான். ஆக, n-ஆம் மூலம் என்பது அந்த விகிதங்களின் பெருக்குச் சராசரி போன்றது. தொடக்கத்தில் ஒரு விகிதம் 1000 என்று எகிறியிருந்தாலும் கவலையில்லை. 1000-இன் ஆயிரமாவது மூலம் வெறும் 1.007. பழைய குளறுபடிகள் இப்படிக் கரைந்துபோக, எல்லையை ஒட்டி நிற்கும் பிந்தைய விகிதங்களே முடிவைத் தீர்மானிக்கின்றன.

இதை n!-இன் மீது நேரடியாகப் போட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. விகிதம் n+1, அது எல்லையின்றி வளரும், மூலமும் அப்படியே வளரும். எவ்வளவு வேகத்தில் என்பது தெரியாது. வகுத்தலை முதலிலேயே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்: aₙ = n!/nⁿ என்று வைத்துக்கொண்டால், அதன் n-ஆம் மூலம் நாம் தேடும் எண்ணேதான். அடுத்தடுத்த விகிதம்:

aₙ₊₁/aₙ = (n+1)·nⁿ/(n+1)ⁿ⁺¹ = (n/(n+1))ⁿ = 1/(1+1/n)ⁿ

கீழே இருப்பது கூட்டு வட்டிக் கணக்கில் வரும் அதே கோவை. n பெருகப் பெருக அது e-ஐ, அதாவது 2.71828…-ஐ நெருங்கும். ஆகவே நம் எல்லை 1/e, ஏறத்தாழ 0.3679. மூலம் எடுக்கும் வேலையே இல்லாமல் விடை வந்துவிட்டது!

மூலம் மட்டும் மெதுவாகத்தான் அங்கே போய்ச் சேரும். n = 100-இல் விகிதம் 0.3697-க்கு வந்துவிட்டது, மூலம் இன்னும் 0.3799-இல் நிற்கிறது. 0.5, 0.444 என்ற தொடக்க விகிதங்களின் சுமையை அது இன்னும் இறக்கிவைக்கவில்லை.

இந்தத் தேற்றத்தைத் திருப்பிப் போட முடியாது. 1, 2, 1, 2 என்று மாறிமாறி வரும் வரிசையில் n-ஆம் மூலம் 1-ஐ நெருங்குகிறது. விகிதமோ 2, ½, 2, ½ என்று கடைசிவரை தாவிக்கொண்டே இருக்கிறது.