ஒயிட்போர்டு படத்திலிருந்து மினிட்ஸ் வரை

கூட்டம் முடிந்ததும் ஒயிட்போர்டைக் கைப்பேசியில் படமெடுத்து, எல்லோருக்கும் அனுப்பிவிடுவது அலுவலகங்களிலும் சங்கங்களிலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் பலகையில் இருப்பவை பேச்சின் நடுவே அவசரமாகக் கிறுக்கிய துண்டுச் சொற்கள். பேசியது நினைவில் இருக்கும்வரைதான் அவற்றுக்குப் பொருள் உண்டு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் எழுதியவருக்கே விளங்காது. அவற்றை மினிட்ஸாக எழுதும்போது, பலகையில் இருந்தது எது, எழுதுபவர் புரிந்துகொண்டது எது என்பது வாசிப்பவருக்குப் பிரிந்து தெரிய வேண்டும்.

படம் சரியாக இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. ஃபிளாஷ் போட்டால் பலகையின் பளபளப்பில் வெள்ளைத் திட்டு விழுந்து, அந்த இடத்து எழுத்து அடியோடு மறையும். டியூப்லைட்டின் பிரதிபலிப்பும் அப்படித்தான்; ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றால் அது விலகிவிடும். பலகை முழுவதையும் ஒரு படம், பிறகு பகுதி பகுதியாக நெருக்கத்தில் சில படங்கள் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே பலகையை அழிக்க வேண்டும்.

அடுத்தது படியெடுத்தல். பலகையில் உள்ளதை எதையும் திருத்தாமல், விரிக்காமல், வரிக்கு வரி அப்படியே எழுத வேண்டும். அடித்த சொல்லை அடித்ததாகவும், அம்புக்குறியை அம்புக்குறியாகவும் குறிக்க வேண்டும். பலரும் இந்தப் படியைத் தாண்டி நேரே மினிட்ஸுக்குப் போகிறார்கள். ஊகங்கள் உண்மைபோல் நுழைவது அங்கேதான்.

24 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பலகையை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஐந்து வரிகள்: ‘மோட்டார் – 2 கொட்டேஷன் – செயலர் – 12-க்குள்’, ‘லிஃப்ட் ஏ.எம்.சி. 8_,000 ÷ 24 = 3,500’, ‘ரா. – வாடகைதாரர் லிஸ்ட்’, ‘தொட்டி சுத்தம் → மோட்டார்’, ‘பார்க்கிங்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு டிக். மூலையில் மங்கலாக ‘பெயின்ட்’.

முதல் வரியில் என்ன வேலை, யார் பொறுப்பு, எப்போதைக்குள் என்ற மூன்றும் இருக்கின்றன. அதனால் அது நேராகப் பணிப் பட்டியலுக்குப் போகும். ‘12’ எந்த மாதத்து 12 என்பதைக் கூட்டத் தேதியை வைத்து முழுத் தேதியாக எழுதினால் போதும். லிஃப்ட் வரியில் ஓர் இலக்கம் அழிந்துவிட்டது. ஆனால் விடை பலகையிலேயே இருக்கிறது: 3,500-ஐ 24-ஆல் பெருக்கினால் 84,000. இதை எழுதும்போதும் ‘[ஓர் இலக்கம் தெளிவில்லை, கணக்கிலிருந்து பெற்றது]’ என்று பக்கத்தில் குறிக்க வேண்டும், ஏனென்றால் பலகையில் வகுத்தவரே தவறியிருக்கலாம். மேலும், இந்தத் தொகைக்கு ஒப்புதல் தரப்பட்டதா, வெறுமனே பேசப்பட்டதா என்பதைப் படம் சொல்லவில்லை. அதை முடிவுகளில் சேர்க்காமல் கேள்வியாக வைப்பதே நேர்மை.

‘ரா.’ என்பது சிக்கலான வரி. குழுவில் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருடையவர் இருவர் இருந்தால், பொருத்தமாகத் தோன்றுபவரின் பெயரைப் போட்டுவிடத்தான் கை போகும். போட்டால், வேலை தன்னுடையது என்று தெரியாத ஒருவர்மேல் அது விழும். ஏற்றுக்கொண்டவரோ தன் பெயர் இல்லையென்று விட்டுவிடுவார். ‘வாடகைதாரர் பட்டியல் – பொறுப்பு: ரா. [யார்?] – தேதி: குறிக்கப்படவில்லை’ என்று எழுதுவதே சரி. தேதி இல்லாத இடத்தில் நியாயமாகப் படும் ஒரு தேதியை இட்டு நிரப்புவதும் கூடாது.

அம்புக்குறிக்கு ஒரே பொருள் கிடையாது. தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு மோட்டார் மாற்றுவதா, மோட்டார் நிறுத்தப்படும் நாளிலேயே தொட்டியையும் சுத்தம் செய்வதா என்று கேட்டாக வேண்டும். டிக்கும் அப்படியே: வேலை முடிந்ததையும் குறிக்கலாம், எல்லோரும் ஒத்துக்கொண்டதையும் குறிக்கலாம். மங்கலான ‘பெயின்ட்’ பெரும்பாலும் முந்தைய கூட்டத்தில் சரியாக அழியாத மிச்சம். மற்ற வரிகளைவிட அதன் மை வெளிறி, அதன்மேலேயே புது எழுத்து ஓடியிருந்தால் ஏறக்குறைய உறுதி. ஆனாலும் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடாமல், ‘[பழைய எழுத்தாக இருக்கலாம்]’ என்று சேர்ப்பது நல்லது.

இறுதி வடிவில் மேலே கூட்டத்தின் பெயர், தேதி, வந்தவர்கள். பிறகு முடிவுகள், பணிகள், தெளிவாக வேண்டியவை. ‘தெளிவாக வேண்டியவை’ பகுதியில் ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் பதில் தரக்கூடிய கேள்வியாக, இன்னாருக்கு என்ற குறிப்போடு இருந்தால் பதில் சீக்கிரம் வரும். ‘லிஃப்ட் தொகைக்கு ஒப்புதல் உண்டா? – பொருளாளர்’ என்பதுபோல. மூலப் படத்தையும் இணைத்து, முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் மறுநாளுக்குள் ‘வரைவு’ என்ற தலைப்பில் அனுப்ப வேண்டும். பதில்கள் வந்ததும் அடைப்புக்குறிகளை நீக்கி, திருத்திய தேதியுடன் மறுபடி அனுப்பலாம். பதில் வராதவற்றின் குறி அப்படியே நின்று, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகும்.