லாபம் வந்தும் முதல் குறைந்தது ஏன்?



ஆடிட்டர் அலுவலகம் அனுப்பிய தாளைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். 2024 ஏப்ரல் 1 அன்று பாத்திரக்கடையில் உங்கள் முதல் 8,00,000 ரூபாய். அந்த வருஷத்தின் நிகர லாபம் 2,80,000 ரூபாய். அப்படியிருக்க 2025 மார்ச் 31 அன்று முதல் 7,80,000 என்று எழுதியிருக்கிறார்களே, லாபம் வந்தால் முதல் ஏற வேண்டாமா என்று கேட்டீர்கள்.

ஏறத்தான் செய்தது. ஏறிய பிறகு இறங்கிவிட்டது. இந்த இரண்டும் மார்ச் 31 அன்று எழுதும் கடைசி இரண்டு பதிவுகளில் நடக்கின்றன. அவற்றை இறுதிப் பதிவுகள் என்பார்கள். கணினியில் கணக்கு வைத்தால் யார் கண்ணிலும் படாமலே முடிந்துவிடும் வேலை என்பதால், கடைக்காரர்கள் பலருக்கு இது புரியாத புதிராகவே இருக்கிறது.

உங்கள் பேரேட்டில் இரண்டு வகைக் கணக்குகள் இருக்கின்றன. விற்பனை, கொள்முதல், வாடகை, சம்பளம், மின்கட்டணம் ஆகியவை ஒரு வகை. சரக்கிருப்பு, ரொக்கம், வங்கி, கடன் பாக்கி, வங்கிக் கடன், முதல் ஆகியவை இன்னொரு வகை. மோட்டார் சைக்கிளில் ஒரு பயணத்துக்கு மட்டும் ஓடுகிற மீட்டரும், வண்டி வாங்கிய நாளிலிருந்து ஓடுகிற மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே, அதே வித்தியாசம்தான். முதல் வகையை வருஷ முடிவில் பூஜ்ஜியமாக்க வேண்டும். இரண்டாவது வகை அப்படியே அடுத்த வருஷத்துக்குத் தொடரும். வாடகைக் கணக்கைப் பூஜ்ஜியமாக்காமல் விட்டால் அடுத்த மார்ச்சில் இரண்டு வருஷ வாடகை சேர்ந்து நிற்கும். எந்த வருஷம் எவ்வளவு சம்பாதித்தோம் என்றே தெரியாமல் போய்விடும்.

பூஜ்ஜியமாக்கும் விதம் எளிது. விற்பனைக் கணக்கில் நிலுவை வரவுப் பக்கம் நிற்கிறது. அதே தொகையைப் பற்று எழுதினால் அது தீரும். செலவுக் கணக்குகளில் நிலுவை பற்றுப் பக்கம் நிற்கிறது. அவற்றை வரவு எழுதித் தீர்க்கிறோம். எதிர்ப்பக்கத்தில் எழுதும் தொகைகள் எல்லாம் முதலில் வியாபாரக் கணக்கிலும் பிறகு லாப நட்டக் கணக்கிலும் வந்து குவிகின்றன.

உங்கள் கடையின் எண்களையே எடுத்துக்கொள்வோம். வருஷத் தொடக்கத்தில் இருந்த சரக்கு 4,20,000, கொள்முதல் 21,60,000, சரக்கு வந்து இறங்கிய வண்டி வாடகையும் இறக்குகூலியும் 30,000. இந்த மூன்றையும் வரவு எழுதி, மொத்தம் 26,10,000-ஐ வியாபாரக் கணக்கில் பற்று எழுதுகிறோம். அடுத்து விற்பனை 27,00,000; அதைப் பற்று எழுதி வியாபாரக் கணக்குக்கு வரவு தருகிறோம். மார்ச் 31 இரவு நீங்கள் எண்ணி எழுதிய சரக்கு 4,80,000. அது புதிதாக ஒரு சொத்தாகப் பேரேட்டில் ஏறுகிறது. வியாபாரக் கணக்குக்கு இன்னொரு வரவு. வரவுப் பக்கம் 31,80,000, பற்றுப் பக்கம் 26,10,000. வித்தியாசம் 5,70,000 மொத்த லாபம். அது லாப நட்டக் கணக்குக்குப் போகிறது.

அங்கே கடையை நடத்திய செலவுகள் காத்திருக்கின்றன. வாடகை 96,000, பையனின் சம்பளம் 1,44,000, மின்கட்டணம் 18,000, வங்கிக் கடன் வட்டி 24,000, அலமாரி தராசு வகையறாவின் தேய்மானம் 8,000. ஆக 2,90,000. கழித்தால் மீதி 2,80,000.

இப்போது பேரேட்டில் விற்பனை இல்லை, வாடகை இல்லை, சம்பளம் இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டன. லாப நட்டக் கணக்கில் மட்டும் 2,80,000 வரவு நிலுவையாக நிற்கிறது. இந்தப் பணம் யாருடையது? தனி உரிமையாளர் கடையில் இதற்கு ஒரே பதில்தான். அதனால்தான் இந்தப் பதிவு:

லாப நட்டக் க/கு ... பற்று 2,80,000
முதல் க/கு ... வரவு 2,80,000

இந்த நொடியில் உங்கள் முதல் 10,80,000. நட்டம் வந்திருந்தால் இதே பதிவு தலைகீழாக, முதல் பற்று, லாப நட்டக் கணக்கு வரவு என்று எழுதப்பட்டிருக்கும்.

அடுத்தது, நீங்கள் கோபப்பட்ட பதிவு. மாதம் 20,000 வீதம் கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்தது 2,40,000. கடையின் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் ஆயுள் காப்பீட்டுக்குக் கட்டிய பிரீமியம் 30,000. மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் என்று கடையிலிருந்து எடுத்துக்கொடுத்தது, அடக்க விலையில் 30,000. இவை மூன்றும் வருஷம் முழுக்க எடுப்புகள் கணக்கில் ஏறியிருந்தன, ஆக 3,00,000. எடுப்பு, கடையின் செலவு அல்ல. அதனால் அது லாப நட்டக் கணக்குப் பக்கமே போகாமல் நேராக முதலுக்கு வருகிறது:

முதல் க/கு ... பற்று 3,00,000
எடுப்புகள் க/கு ... வரவு 3,00,000

10,80,000-இல் 3,00,000 போனால் 7,80,000. கடை சம்பாதித்ததைவிட 20,000 ரூபாய் அதிகமாக வீட்டுக்குப் போயிருக்கிறது. தாள் சொல்வது இதைத்தான். கணக்கில் பிழை இல்லை.

இந்த 7,80,000 உண்மையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஐந்தொகையில் சொத்துப் பக்கம்: சரக்கு 4,80,000, அலமாரி வகையறா 72,000, வாடிக்கையாளர் பாக்கி 2,90,000, கட்டட முன்பணம் 2,00,000, ரொக்கமும் வங்கியும் 88,000. கூட்டினால் 11,30,000. கடன் பக்கம்: வங்கிக்கு 2,00,000, சரக்கு தந்த மொத்த வியாபாரிகளுக்கு 1,50,000. கழித்தால் 7,80,000. “ரெண்டு எம்பது லாபம்னா அந்தப் பணம் எங்கய்யா?” என்றீர்களே, அதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. லாபம் கட்டுக்கட்டாக வங்கியில் நிற்க வேண்டும் என்பதில்லை. போன மார்ச்சைவிட இந்த மார்ச்சில் சரக்கு 60,000 கூடுதலாக அடுக்கப்பட்டிருக்கிறது. மீதி, பாக்கியாக வெளியில் நிற்கலாம், கடனைக் குறைத்திருக்கலாம். பெரும்பகுதி நீங்கள் எடுத்த 3,00,000-இல் கரைந்துவிட்டது. முதல் கணக்கு என்பது கல்லாப் பெட்டி அல்ல. கடையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லும் எண், அவ்வளவுதான்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இந்த எடுப்புதான். சீர்ப் பாத்திரத்தை எடுத்த அன்று அதை எடுப்பில் பற்று, கொள்முதலில் வரவு என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் 21,90,000 கொள்முதல் 21,60,000 ஆனது. எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொத்த லாபம் 5,40,000, நிகர லாபம் 2,50,000. எடுப்பும் 30,000 குறைந்து 2,70,000. முடிவில் முதல்? 8,00,000-உடன் 2,50,000 கூட்டி 2,70,000 கழித்துப் பாருங்கள், அதே 7,80,000! ஐந்தொகை காசு பிசகாமல் பொருந்தும். ஆனால் லாபம் பொய். பாலன்ஸ் ஷீட் பொருந்திவிட்டது, எல்லாம் சரி என்று மார்தட்டுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இந்த வகைத் தவறு அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

அதைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. மொத்த லாபத்தை விற்பனையால் வகுத்து வருஷா வருஷம் ஒப்பிட வேண்டும். சரியாக எழுதிய கணக்கில் உங்களுக்கு நூற்றுக்கு 21 ரூபாய் சொச்சம் நிற்கிறது. சீர்ப் பாத்திரம் விடுபட்ட கணக்கில் சரியாக 20 ரூபாய். விலையைக் குறைக்காமல், கொள்முதல் விலை ஏறாமல் இந்த விகிதம் மட்டும் இறங்கினால், சரக்கு எழுதப்படாமல் எங்கோ போயிருக்கிறது, அல்லது மார்ச் 31-இல் இருப்பைக் குறைத்து எண்ணியிருக்கிறார்கள். (ஜிஎஸ்டி பதிவுள்ள கடையானால், சொந்தத்துக்கு எடுத்த சரக்குக்குக் கொள்முதலில் எடுத்த உள்ளீட்டு வரியையும் திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.)

காப்பீட்டு பிரீமியமும் இப்படித்தான். கடைச் சரக்குக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்தால் அது கடையின் செலவு. உங்கள் உயிருக்கு எடுத்தால் எடுப்பு. கடைப் பணத்தில் கட்டும் உங்கள் வருமான வரியும் எடுப்புதான். “நானும்தானே கடையில் உழைக்கிறேன், மாதம் 20,000-ஐ என் சம்பளமாக எழுதக்கூடாதா?” என்று பலரும் கேட்பார்கள். தனி உரிமையாளர் தனக்குத்தானே சம்பளம் எழுதிக்கொள்ள முடியாது. அவருடைய கூலியே லாபம்தான். எழுதினாலும் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். லாபம் 40,000 ஆகச் சுருங்கிய அந்தத் தாளை வங்கியில் கொண்டு போய்க் காட்டினால், கடன் கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிரியாகும்.

உங்கள் மகன் டாலியில் கணக்கு எழுதுகிறார் அல்லவா, அவருக்கு ஒரு சேதி. செலவுக் கணக்குகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் வேலையை டாலி தானாகவே செய்துவிடும். மேலே சொன்ன வியாபாரக் கணக்குப் பதிவுகளைக் கையால் போட வேண்டியதில்லை. ஆனால் லாபத்தை அது முதலில் சேர்க்காது. `Profit & Loss A/c` என்ற பெயரில் ஐந்தொகையில் தனியாக நிறுத்தி வைக்கும். அப்படியே விட்டால் அடுத்த வருஷம் அதன் கீழே `Opening Balance`, `Current Period` என்று இரண்டு வரி தெரியும். பல வருஷம் விட்ட கடைகளில் முதல் கணக்கு தொடங்கிய நாளின் தொகையிலேயே உறைந்து கிடக்கும், எடுப்பு மட்டும் மலைபோல் ஏறியிருக்கும்; பார்ப்பவருக்கு முதலாளி கடையையே தின்றுவிட்டது போலத் தோன்றும். இதற்கு மருந்து, `F7` அழுத்தி மார்ச் 31 தேதியிட்டு இரண்டு ஜர்னல்: `Profit & Loss A/c` பற்று, முதல் வரவு 2,80,000, முதல் பற்று, எடுப்பு வரவு 3,00,000. தேய்மானம், சரக்கிருப்பு எல்லாவற்றையும் ஆடிட்டர் உறுதிசெய்த பிறகே இதைப் போடச் சொல்லுங்கள். முன்பே போட்டுவிட்டுப் பிறகு லாபம் 1,500 ரூபாய் மாறினால், அந்த 1,500 மட்டும் `Profit & Loss A/c` வரியில் தனியே தொங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தொங்குவதைக் கண்டால், மாற்றுப் பதிவு போட்ட பிறகு யாரோ கணக்கைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

2025 ஏப்ரல் 1 தேதியில் பேரேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். விற்பனை, வாடகை, சம்பளம், எடுப்பு நான்கும் பூஜ்ஜியம். சரக்கு 4,80,000, இதுதான் புது வருஷத்தின் தொடக்கச் சரக்கிருப்பு. முதல் 7,80,000. எடுப்பை இந்த வருஷம் வீட்டுச் செலவு, காப்பீடும் வரியும், சரக்காக எடுத்தது என்று மூன்று தலைப்பில் எழுதி வரச் சொல்லுங்கள். டிசம்பரில் ஒருமுறை கூட்டிப் பார்த்தால், அதுவரை வந்த லாபத்தை எடுப்பு தாண்டிவிட்டதா என்று மார்ச்சுக்கு முன்பே தெரிந்துவிடும்.